ஒற்றைக் கேள்வி வரதராஜுலு

போத்தனூரில் ரயில்வே காலனிக்குப் பின்னால் குடியிருக்கும் வரதராஜுலுவைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்ல மாதிரியாகத்தான் சொல்வார்கள். வேதியியல் பேராசிரியர். நகரத்துக்குள் இருக்கும் பழைய கல்லூரி ஒன்றில் தலை நரைக்கும் வரை பாடம் நடத்தியவர், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. வம்பு தும்புக்குப் போகாதவர். காய்கறிக் கடையில் தேங்காய் அழுகலாக வந்தால்கூடத் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, வீட்டுக்கு வரும் வழியில் வேறு தேங்காய் வாங்கிவிடுவார். அவர் மனைவி அம்புஜம் இதைச் சொல்லிச் சொல்லியே அவரை ஒரு வழி பண்ணிவிட்டாள்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரே ஒரு இடத்தில் மட்டும் கொம்பு முளைக்கும். மற்ற கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வு நடக்கும்போது, வெளியிலிருந்து ஒரு பாட வல்லுநரைக் கூப்பிடுவார்கள். கோயம்புத்தூர் வட்டாரத்தில் வேதியியல் என்றால் வரதராஜுலுவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் போய் உட்காருவார், மோரைக் குடிப்பார், வாயே திறக்க மாட்டார். வந்தவர் தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசி முடித்து, மற்றவர்கள் கேட்டு ஓய்ந்த பிறகு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்வி நேராக அஸ்திவாரத்தில் போய் இடிக்கும். ‘ஒற்றைக் கேள்வி சார்’ என்று இளசுகள் அவருக்குப் பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பேர் தனக்குத் தெரியாத மாதிரியே அவர் நடந்துகொள்வார். உள்ளுக்குள் வெல்லக்கட்டியாகத் தித்திக்கும்.

அந்தப் பெருமைதான் போன ஜூன் மாதம் அவரைக் குப்புறத் தள்ளியது.

அவிநாசி ரோட்டைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சுயநிதிக் கல்லூரி. வேதியியல் துறையில் ஒரு இடம் காலி. வந்திருந்தவர்களைச் சான்றிதழ் பார்த்துக் கழித்தது போக மூன்று பேர் மிஞ்சினார்கள். தேர்வுக் குழுவில் நான்கு பேர்: அறக்கட்டளைச் செயலாளர் அங்கப்பன், கல்லூரி முதல்வர், துறைத் தலைவர் சாஜிதா பேகம், வெளி வல்லுநராக நம் வரதராஜுலு. அங்கப்பன் நூல் மில்லும் கல்யாண மண்டபமும் வைத்திருப்பவர். வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து எல்லோரையும் ‘ஏனுங்க’ என்றே கூப்பிடுவார். அவர் அதட்டி யாரும் கேட்டதில்லை, அதட்ட வேண்டிய தேவையே அவருக்கு வந்ததில்லை.

முதலில் வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவர்களை உட்கார வைத்து, குழு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டது. பாடத்திட்டத்திலிருந்து சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு தலைப்பு. முதலில் வந்த யஷ்வந்த் சட்டையும் டையுமாக வந்து, கணினித் திரையில் ஓடியதை அப்படியே படித்தார். தப்பு என்று ஒன்றும் சொல்ல முடியாது. பிள்ளைகள் மட்டும் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவதாக வந்தவள் ரித்திகா. காரமடைப் பக்கம் கறிவேப்பிலைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். முனைவர் பட்டம், தகுதித் தேர்வு இரண்டும் முடித்துவிட்டு, ஒரு கல்லூரியில் தற்காலிக வேலை பார்த்தவள். சேர்க்கை குறைந்ததும் முதலில் வெளியே அனுப்பியது அவளைத்தான். இந்த வேலை கிடைக்காவிட்டால், வீட்டில் சொல்லி வைத்தபடி அடுத்த மாதம் பெரியப்பாவின் நாற்று நர்சரியில் கணக்கு எழுதப் போக வேண்டும். இது அவள் விண்ணப்பத்தில் இல்லை. காலையில் டீ கொடுக்கும்போது சாஜிதா பேகம் பேச்சுக் கொடுத்து வாங்கி, வரதராஜுலுவிடமும் சொல்லியிருந்தார்.

அவளுக்கு வந்த தலைப்பு, ஒரு கரைசலின் நிறத்துக்கும் அதன் செறிவுக்கும் உள்ள தொடர்பு. பிள்ளைகளுக்கு வேம்பாகக் கசக்கும் பாடம். அவள் சாக்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்.

“நன்னாரி சர்பத் டம்ளரைப் பக்கவாட்டுல பாத்தா என்ன நெறமுங்க?”

“செவப்புங்க மேம்.”

“அதே டம்ளரை மேலிருந்து எட்டிப் பாத்தா?”

வகுப்பு யோசித்தது. “கறுப்பு மாதிரி இருக்குமுங்க,” என்றது முன்வரிசைப் பெண் ஒன்று.

“சர்பத் ஒண்ணுதானுங்களே? அப்புறம் ஏன் மாறுது?”

வெளிச்சம் கடக்கும் தூரம் கூடினால் விழுங்கப்படும் வெளிச்சமும் கூடும் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவள் சமன்பாட்டைப் பலகையில் எழுதினாள். எழுதும்போது முதுகைக் காட்டிக்கொண்டே பேசவில்லை. எழுதி முடித்துத் திரும்பிப் பேசினாள். கடைசி பெஞ்சில் வரதராஜுலு தன்னை மறந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். மதிப்பெண் தாளில் ‘கற்பித்தல்’ என்ற கட்டத்தில் பென்சிலால் தாராளமாகப் போட்டார். மூன்றாவதாக வந்தவர் பயத்தில் தலைப்பையே மாற்றி நடத்திவிட்டார், அவரை விட்டுவிடுவோம்.

அடுத்தது முதல்வர் அறைக்குப் பக்கத்தில் இருந்த சிறிய அரங்கில் ஆராய்ச்சி உரை. ஆளுக்குப் பதினைந்து நிமிஷம், பிறகு கேள்விகள். யஷ்வந்த் பேசினார். வரதராஜுலு ஒற்றைக் கேள்வி கேட்டார், அவர் பாதி சரியாகவும் பாதி சுற்றி வளைத்தும் பதில் சொன்னார். ரித்திகா வந்து நின்றாள்.

அவள் செய்த வேலை இதுதான். பவானியில் நூலுக்குச் சாயம் போட்டு வெளியேற்றும் தண்ணீரை, கறிவேப்பிலைக் குச்சியைக் கரியாக்கிச் சுத்தம் செய்ய முடியுமா என்று பார்த்திருக்கிறாள். இலையை உருவிக்கொண்டு தூக்கிப் போடும் குச்சி காரமடையில் மலை மலையாகக் கிடக்கும். அந்தக் கரி சாயத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததற்கு ஆதாரம், தண்ணீரில் எவ்வளவு கழிவு இருக்கிறது என்று சொல்லும் சி.ஓ.டி. என்ற அளவு. கரிக்கு முன்னால் அளவு எகிறி நிற்கிறது, பின்னால் தரைமட்டத்துக்கு வருகிறது. அவள் முழு உரையும் அந்த அளவின் மேல்தான் நின்றது.

அந்த நேரம் பார்த்து வரதராஜுலுவின் மடியில் போன் அதிர்ந்தது.

அம்புஜம். மகள் ஹாரிகாவின் கல்யாண வரவேற்புக்குப் புடவை எடுக்க கிராஸ்கட் ரோட்டில் கடையில் நிற்கிறாள். இரண்டு புடவைகளைத் தோளில் போட்டுக் காட்டி ஒரு படம். கீழே, “ஏமண்டி, எதுன்னு சீக்கிரம் சொல்லுங்க, கடைக்காரர் மடிக்கப் போறார்.” வரதராஜுலு மேஜைக்கு அடியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒன்று மாம்பழ மஞ்சள், இன்னொன்று கத்தரிப்பூ நிறம். கத்தரிப்பூவில் கரை கொஞ்சம் அகலம். யோசித்தார். ஹாரிகா மாநிறம், மஞ்சள்தான் எடுப்பாக இருக்கும். ‘இடது பக்கம்’ என்று எழுதினார். ‘யாருக்கு இடது?’ என்று பதில் வந்தது. ‘மஞ்சள்’ என்று திருத்தினார். நிமிர்ந்தபோது ரித்திகா முடிவுரைக்கு வந்திருந்தாள்.

மற்றவர்கள் கேட்டார்கள். முதல்வர் கட்டுரை எந்த இதழில் வந்தது என்றார், சாஜிதா பேகம் அந்தக் கரியை மறுபடி பயன்படுத்த முடியுமா என்றார், அங்கப்பன் இது எங்க மில்லுக்கு ஆகுமுங்களா என்று சிரித்தார். எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் சொன்னாள். பிறகு எல்லோரும் வரதராஜுலுவைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அது அவர் வழக்கம்.

“சாயத் தண்ணியில உப்பு நெறைய இருக்குமில்லைங்களா?” என்றார்.

“ஆமாங்க சார்.”

“அந்த உப்பு சி.ஓ.டி. டெஸ்ட்டைக் கெடுக்கும். இல்லாத கழிவை இருக்கிற மாதிரி காட்டும். அதுக்கு நீங்க ஒண்ணுமே செய்யலை. செஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்க. அப்ப இந்த நம்பரையெல்லாம் நாங்க எப்படி நம்பறது?”

கேள்வி சரியான கேள்விதான். வேதியியல் படித்த யாரும் கேட்க வேண்டிய கேள்வி. ரித்திகா வாயைத் திறந்தாள்.

“அது வந்துங்க சார்…” என்றவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேஜை விளிம்பில் அவர் கவிழ்த்து வைத்திருந்த போனைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். முதல்வர் பேனாவைத் திருகினார். சாஜிதா பேகம் தன் கைக்குட்டையை மடித்தார்.

“சரிங்க சார்,” என்றாள் ரித்திகா. “கவனத்துல எடுத்துக்கறேனுங்க.”

வரதராஜுலு பெருந்தன்மையாகத் தலையசைத்தார். நல்ல பெண், பாவம், அடிப்படையிலேயே கோட்டை விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். ‘ஆராய்ச்சி’ கட்டத்தில் மனசு கேட்காமல்தான் குறைத்துப் போட்டார். மற்ற மூன்று பேனாக்களும் அதே நேரம் எழுதின.

மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவும் இடத்தில்தான் சாஜிதா பேகம் அவர் பக்கத்தில் வந்து நின்றார். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் பேசினார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணு உப்பு விஷயத்தைச் சொல்லுச்சுங்களே.”

“எப்ப?”

“நடுவுலயே சொல்லுச்சுங்க. தண்ணியை நீர்க்கப் பண்ணிட்டு, பாதரச சல்பேட் போட்டு உப்பைக் கட்டிப்போட்டுத்தான் டெஸ்ட்டே செஞ்சதா. படத்தோட காட்டுச்சு. உப்பு மட்டும் கலந்த தண்ணிக்குத் தனியா டெஸ்ட் வெச்சு, அளவு ஏறலைன்னும் காட்டுச்சுங்க.”

வரதராஜுலு நினைத்துப் பார்த்தார். மஞ்சளா கத்தரிப்பூவா என்று யோசித்த அந்த நேரம். சோப்பு நுரை கையிலேயே நின்றது.

“ஏனுங்க மேடம், அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க எங்களுக்கு விருந்தாளிங்க சார். எல்லாருக்கும் முன்னாடி உங்களைப் போயி எப்படிங்க…” என்று இழுத்தவர், குரலை இன்னும் தாழ்த்தினார். “அதோட, நீங்க தெரிஞ்சேதான் கேட்டீங்கன்னு நெனச்சேனுங்க. செயலாளர் ஏதாச்சும் சொல்லியிருப்பாருன்னு. யஷ்வந்த் அவருக்குச் சகலை பையனுங்க.”

அவர் அந்தப் பக்கம் போய்விட்டார். வரதராஜுலு கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். தான் வாழ்நாளில் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை, யார் சிபாரிசையும் கேட்டதில்லை. அந்த ஒரு கௌரவத்தை வைத்துக்கொண்டுதான் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்கிறார். இப்போது அந்த அரங்கில் இருந்த எல்லோரும் அவரைக் கைக்கூலி என்று நினைத்து, அதையும் மரியாதையாக விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

சாப்பாட்டு மேஜையில் அங்கப்பன் தன் பக்கத்து நாற்காலியையே அவருக்கு இழுத்துப் போட்டார். இலையில் ஒப்பிட்டுப் போளி விழுந்தது, நெய் விழுந்தது.

“ஒரே கேள்வியில எங்க வேலையைச் சுளுவாக்கிப் போட்டீங்க சார்,” என்றார் அங்கப்பன். “நாங்க எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தோமுங்க. பெரியவங்க பெரியவங்கதான்.”

இதுதான் தருணம். இல்லைங்க, நான் தப்பாக் கேட்டுட்டேன், அந்தப் பெண் சரியாகத்தான் செய்திருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வரதராஜுலு ஒப்பிட்டைப் பிட்டார். வாயில் போட்டுக்கொண்டு சொல்ல முடியாது, விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தார். விழுங்குவதற்குள் அங்கப்பன் அடுத்ததற்குப் போய்விட்டார்.

“புள்ளைக்குக் கல்யாணம்னு கேள்விப்பட்டேனுங்க. மண்டபம் எங்கீங்க?”

“இன்னும் அமையலைங்க. நல்ல முகூர்த்தம், எல்லாமே புக்காயிருக்கு.”

“அட, என்னுங்க நீங்க. நம்ம மண்டபம் எதுக்குங்க இருக்குது? நான் சொல்லிப்போடறேன். தேதியை மட்டும் அனுப்புங்க.”

“சரிங்க,” என்றார் வரதராஜுலு.

சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. காலையில் அது வெறும் கவனக்குறைவு. இப்போது அதற்கு விலையும் பேசி முடித்தாகிவிட்டது.

மதியம் முதல்வர் அறையில் மதிப்பெண்களைக் கூட்டினார்கள். வரதராஜுலு அதற்குள் ஒரு காரியம் செய்திருந்தார். தன் தாளில் ரித்திகாவுக்குப் பென்சிலால் போட்ட ஆராய்ச்சி மதிப்பெண்ணை அழித்துவிட்டு, பேனாவால் முழுசாகப் போட்டார். யாருக்கும் தெரியாமல் செய்த பரிகாரம். வாய் திறக்காமலே பாவம் தொலைந்துவிடும் என்று கணக்குப் போட்டார் மனுஷன். படித்தவர் போடும் கணக்கெல்லாம் இப்படித்தான் இருக்கும்.

முதல்வர் கூட்டி முடித்தார். வகுப்பு நடத்தியதில் ரித்திகா வெகுதூரம் முன்னால் இருந்தாள். ஆராய்ச்சியில் மற்ற மூன்று பேரும் அவளை அடியோடு இறக்கியிருந்தார்கள். மொத்தத்தில் யஷ்வந்த் கொஞ்சம் தாண்டி நின்றார்.

“சார் மட்டும் நெறையப் போட்டிருக்காரு,” என்றார் முதல்வர் ஆச்சரியமாக. “நீங்களே டேட்டாவைச் சந்தேகப்பட்டதுக்கப்புறம் நாங்க எந்தத் தைரியத்துலீங்க சார் போடறது?”

“பொம்பளப் புள்ளைன்னு எரக்கப்பட்டிருப்பாருங்க,” என்றார் அங்கப்பன், அன்பாக.

சாஜிதா பேகம் தலை நிமிர்ந்தார். “சார் ஏதாச்சும் சொல்றீங்களா?” என்றார். சாதாரணமாகக் கேட்ட மாதிரிதான் இருந்தது. கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த உப்பு விஷயம்…” என்று ஆரம்பித்தார் வரதராஜுலு.

“அதைத்தான் நீங்க தெளிவாக் கேட்டுப்போட்டீங்களே சார். அந்தப் புள்ளையும் ஒத்துக்கிச்சு.” அங்கப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அதற்கு மேல் பேச வேண்டுமென்றால், நான் போன் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். ஒற்றைக் கேள்வி சார், ஆராய்ச்சி உரையின்போது மேஜைக்கு அடியில் புடவை பார்த்துக்கொண்டிருந்தார் என்று கோயம்புத்தூர்க் கல்லூரிகள் முழுக்கப் பேசும். நாலு நாளில் அது கேலியாகிவிடும். தேங்காயைத் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்ட அதே கூச்சம்தான். இந்த முறை அழுகியது தேங்காய் இல்லை.

“ஒண்ணுமில்லைங்க,” என்றார்.

சாஜிதா பேகம் குனிந்து கையெழுத்துப் போட்டார். தீர்மானத் தாள் கைமாறிக் கடைசியில் வரதராஜுலுவிடம் வந்தது. அவரும் போட்டார். அங்கப்பன் எழுந்து அவருக்குச் சால்வை போர்த்தினார். முதல்வர் போட்டோ எடுத்தார்.

போத்தனூரில் கொண்டுபோய் விடக் கல்லூரிக் கார் காத்திருந்தது. சால்வையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார். கேட்டைத் தாண்டியதும் எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்தில் ரித்திகா நின்றுகொண்டிருந்தாள். முடிவு போனில் வரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள், இன்னும் வந்திருக்காது. டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஏன் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. இறங்கி ரோட்டைக் கடந்தார்.

“வாங்க சார்,” என்று அவள் தோள்பையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள். “சாப்பிட்டீங்களாங்க சார்?”

“சாப்பிட்டேம்மா.” கொஞ்ச நேரம் பஸ் வரும் திசையைப் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார். “உன் வேலையில தப்பு ஒண்ணும் இல்லம்மா. உப்புக்குச் செய்ய வேண்டியதை நீ சரியாச் செஞ்சிருக்கே, சொல்லவும் சொல்லியிருக்கே. நான்தான் கவனிக்கலை. போன் பாத்துக்கிட்டிருந்தேன்.”

“தெரியுமுங்க சார்.”

வரதராஜுலு அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

“நீங்க கீழ குனிஞ்சதைப் பாத்தேனுங்க. அப்பக்கூட அந்த எடத்தை இன்னொருக்காச் சொல்லலாமான்னு நெனச்சேன், நேரம் பத்தாதுன்னு விட்டுட்டேனுங்க.”

“அப்ப நான் கேட்டதும் சொல்லியிருக்கலாமேம்மா. ‘சொன்னேன் சார்’னு ஒரு வார்த்தை.”

“அத்தனை பேருக்கு முன்னாடி உங்களை எப்படிங்க சார்?” என்றாள். “பேரெடுத்தவங்க நீங்க. ஏதோ அவசரமா இருக்கும்னு நெனச்சேனுங்க. யாராச்சும் எடுத்துச் சொல்லிருவாங்க, தெரிஞ்சதும் நீங்களே சரிபண்ணிருவீங்கன்னு இருந்தேனுங்க.”

காந்திபுரம் பஸ் தூரத்தில் தெரிந்தது. அவள் கையை நீட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, அவர் பக்கம் திரும்பினாள்.

“உள்ள சொல்லிட்டீங்களாங்க சார்?”

மிகச் சாதாரணமான கேள்வி. ஆமாம் இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். எத்தனையோ பிள்ளைகளை ஒற்றைக் கேள்வியில் நிறுத்தி வைத்த வரதராஜுலு, சால்வை இல்லாத வெறும் தோளோடு அந்த நிழற்குடையில் நின்றார். தலை மட்டும் இல்லை என்று ஆடியது.

பஸ் வந்து நின்றது.

“சரிங்க சார்,” என்றாள். “நான் வாரேனுங்க.”

வரதராஜுலு மறுநாள் காலை முதல்வருக்குப் போன் செய்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், புடவை உட்பட. முதல்வர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “உங்க மனசு யாருக்குங்க சார் வரும்?” என்றார். யஷ்வந்துக்கு முந்தின நாள் மாலையே ஆணை கொடுத்தாகிவிட்டது என்றும், அடுத்த முறை இடம் வந்தால் கண்டிப்பாக அந்தப் பெண்ணைக் கூப்பிடுவோம் என்றும் சொன்னார். அடுத்த முறை எப்போது என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எழுத்தில் கொடுக்கிறேன் என்றார் இவர். கொடுங்க சார், கோப்பில் சேர்த்துக்கறோம் என்றார் அவர். கொடுத்தார். சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கப்பனின் மண்டபம் வேண்டாம் என்று சொல்ல வரதராஜுலு பட்ட பாடு தனிக் கதை. ஹாரிகாவின் வரவேற்பு கடைசியில் போத்தனூரில் ஒரு சின்ன ஹாலில் நடந்தது. விருந்துக்கு வந்தவர்கள் பாதிப் பேர் ரோட்டில் நின்றார்கள். கிடைத்த பெரிய மண்டபத்தை ஏன் விட்டீர்கள் என்று அம்புஜம் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஹாரிகா மாம்பழ மஞ்சளில் மேடையில் நின்றாள். எல்லோரும் புடவையைப் புகழ்ந்தார்கள். பெற்ற அப்பன் மட்டும் மகளை நேராகப் பார்க்க முடியாமல், பந்தியைக் கவனிக்கிற சாக்கில் கீழேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

தேர்வுக் குழுக்களுக்கு அவரை இன்னும் கூப்பிடுகிறார்கள். இனி வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தார், யாரும் விடவில்லை. இப்போதெல்லாம் உள்ளே போகும் முன் போனை டிரைவரிடம் கொடுத்துவிடுகிறார். உரையை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை எழுதி எடுக்கிறார். தன் முறை வந்ததும் கண்ணாடியைத் துடைப்பதில்லை. எதிரில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து முதலில் இதைச் சொல்கிறார்: “நான் தப்பாக் கேட்டா, நீங்க முன்னாடியே சொன்னதைக் கேட்டா, தயங்காமச் சொல்லிப்போடுங்க. யாரும் தப்பா நெனைக்க மாட்டோம்.”

எல்லாப் பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாக, “சரிங்க சார்,” என்கிறார்கள். இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.